குண்டு மிளகாயும் வெடிகுண்டும்: சமூக ஊடக நிறுவனங்களின் குறைதீர் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குறைதீர் அலுவலர்களுக்கும், தமிழ்ப் பதிவுகளை மறு ஆய்வு செய்யும் குழுவினருக்கும்,

வணக்கம்.

இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேல் பதிவுசெய்த பயனர்களைக் கொண்ட ஒவ்வொரு சமூக ஊடக நிறுவனமும் இந்நாட்டிலேயே வசிக்கும் குறைதீர் அலுவலர் ஒருவரை அமர்த்த வேண்டும் என்பது 2021 பிப்ரவரியில் வெளியான தகவல் தொழில்நுட்ப விதிகளின் கட்டளை. அந்தப் பொறுப்பில் இருக்கும் உங்களுக்கே இம்மடலை எழுதுகிறேன். இராமநாதபுரம் மாவட்டத்தில் சிறு வணிகர்களுக்கும் உழவர்களுக்கும் மனு எழுதிக் கொடுப்பது என் வேலை. பட்டா மாறுதலுக்கும் மின் இணைப்புக்கும் எழுதி வந்த எனக்கு, நீக்கப்பட்ட பதிவுகளை மீட்டுத் தரக் கோரும் மனுக்களும் இப்போது அடிக்கடி வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒரே வகைப் பிழையால் விளைந்தவை. தமிழையோ, ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழையோ உங்கள் தானியங்கி வடிகட்டி வேறு பொருளில் படித்துவிடுகிறது. நீக்கியது தவறு என்று எடுத்துச் சொல்ல வரும் மனிதருக்கோ, பொருளை விளக்க இடமே தரப்படுவதில்லை. அந்த இரண்டாவது குறையைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேச விரும்புகிறேன்.

ஒரு நிகழ்வை முழுமையாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதியில் விளையும் உருண்டை மிளகாயை முண்டு என்றும் குண்டு என்றும் சொல்வோம். 2023 இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாய் இதுதான். நீளமான வகைக்குச் சம்பா என்று பெயர். சந்தையில் யாரும் ‘குண்டு மிளகாய்’ என்று முழுதாகச் சொல்வதில்லை. குண்டு என்ன விலை, சம்பா என்ன விலை என்பதுதான் பேச்சு. பரமக்குடியைச் சேர்ந்த வத்தல் வணிகர் ஒருவர், அறுவடைக் காலத்தில், காய்ந்த மிளகாய்க் குவியலின் படத்தோடு தம் பக்கத்தில் இப்படி எழுதினார்:

```
Innaiku Paramakudi sandhaiyila kundu vandhu irangiyachu.
Moottai kanakkula venumna inbox pannunga. Samba naalaikku varum.
```

இன்றைக்குப் பரமக்குடி சந்தையில் குண்டு வந்து இறங்கியாச்சு, மூட்டைக் கணக்கில் வேண்டுமானால் தனிச்செய்தி அனுப்புங்கள், சம்பா நாளைக்கு வரும் என்பது இதன் பொருள். பதிவேறிய சற்று நேரத்தில் அது நீக்கப்பட்டது. ஆயுதங்கள், வெடிபொருள்கள் ஆகியவற்றின் விற்பனையைத் தடுக்கும் விதியை மீறியதாக அறிவிப்பு வந்தது. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்துப் பார்த்தால் வடிகட்டி கண்டது என்ன என்பது விளங்கும்: சந்தையில் வெடிகுண்டு வந்து இறங்கியிருக்கிறது, மூட்டையாக வேண்டுவோர் தொடர்பு கொள்ளலாம். இதைக் கேட்டு ஊரே சிரித்தது உண்மை. ஆனால் அந்தக் கணக்கிலிருந்து சில நாட்களுக்கு விற்பனைப் பதிவு எதுவும் இட முடியாது என்ற தடையும் கூடவே வந்ததால், விலை நாளுக்கு நாள் மாறும் பருவத்தில் அவருக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

அவர் மறு ஆய்வு கோரினார். அதாவது, ‘இந்த முடிவை ஏற்கவில்லை’ என்ற பொத்தானை அழுத்தினார். அதற்கு மேல் அந்தத் திரையில் எதுவும் இல்லை. குண்டு என்பது மிளகாய் என்று எழுதுவதற்கு ஒரு வரி இடம்கூட அங்கே கிடையாது. சிறிது நேரத்தில், மீண்டும் பரிசீலித்தோம், விதிமீறல் உறுதியாகிறது என்று பதில் வந்தது. முதலில் தவறாகப் படித்த அதே வாசகத்தை, புதிய தகவல் எதுவுமின்றி, மறுபடி படிப்பதை மறு ஆய்வு என்று அழைப்பது எப்படிப் பொருந்தும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இந்தப் பிழை ஏன் நேர்கிறது என்பதை உங்கள் பொறியாளர்கள் நன்கு அறிவார்கள். பயனர்கள் அறிவதில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ல, ள இரண்டும் ஒரே எழுத்தாகின்றன. ந, ன, ண மூன்றும் ஒன்றாகின்றன. குறிலும் நெடிலும் பெரும்பாலும் ஒன்றாகவே எழுதப்படுகின்றன. ‘தெரிஞ்சு கொள்ளுங்கள்’ என்பதை நம் மக்கள் `therinju kollungal` என்று எழுதுகிறார்கள். நடுவில் இடம்விட்டு எழுதிவிட்டால், இரண்டாவது சொல் ‘கொள்ளுங்கள்’ ஆகவும் இருக்கலாம், ‘கொல்லுங்கள்’ ஆகவும் இருக்கலாம். தமிழ் அறிந்தவர் முன்னால் நிற்கும் வினையெச்சத்தைப் பார்த்த கணமே இது துணைவினை என்று அறிந்துகொள்வார். சொற்பட்டியலை வைத்துப் பொருத்திப் பார்க்கும் வடிகட்டிக்கு முன்சொல் கண்ணில் படாது. தடுப்பூசி முகாம் பற்றிய அறிவிப்பின் கடைசி வரியாக இச்சொல் வந்தாலும் அதற்கு அது கொலைத் தூண்டுதல்தான்.

தமிழ் எழுத்தில் எழுதினால் தப்பிக்கலாம் என்று சிலர் அறிவுரை சொல்கிறார்கள். அது பாதி உண்மைதான். பாடகரை வாழ்த்தி ‘கொன்னுட்ட தம்பி’ என்று எழுதுபவரையும், ‘பாட்டி சுட்ட வடை’ என்று பலகாரக் கடைக்கு விளம்பரம் எழுதுபவரையும் எந்த எழுத்தும் காப்பாற்றாது. அங்கே குழப்பம் எழுத்தில் இல்லை. வழக்கை அறியாததில் இருக்கிறது.

வழக்கை அறியாமைக்கு ஒரு காரணம், இயந்திரம் படித்துப் பழகிய எழுத்தின் அளவு. ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் 2019 இல் வெளியிட்ட எக்ஸ்எல்எம்-ஆர் என்ற பன்மொழி மாதிரியின் பயிற்சித் தரவைப் பாருங்கள். ஆங்கிலத்துக்கு ஏறத்தாழ 300 ஜிபி, தமிழ் எழுத்தில் உள்ள தமிழுக்கு ஏறத்தாழ 12 ஜிபி, ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழுக்கு அரை ஜிபிக்கும் குறைவு. கைப்பேசியில் நாள்தோறும் எழுதப்படும் தமிழில் பெரும்பகுதி எந்த வடிவில் இருக்கிறதோ, அந்த வடிவத்துக்குத்தான் மிகக் குறைந்த பங்கு கிடைத்திருக்கிறது. வசைச் சொற்களைக் கண்டறிய ஆய்வாளர்கள் பயன்படுத்தும் திறந்த தரவுத் தொகுப்பு ஒன்றில் தமிழும் ஆங்கிலமும் கலந்த சுமார் 44,000 யூடியூப் கருத்துரைகள் இருக்கின்றன. அவை திரைப்பட முன்னோட்டங்களுக்குக் கீழே எழுதப்பட்டவை. மிளகாய்ச் சந்தையின் பேச்சையோ கோயில் திருவிழா அறிவிப்பையோ அதிலிருந்து கற்றுக்கொள்ள வழியில்லை. நாயக ரசிகர்களின் சண்டையைக் கொண்டு தமிழ் கற்ற இயந்திரம் எல்லாவற்றையும் சண்டையாகவே காண்பதில் வியப்பும் இல்லை.

இன்னொரு காரணம் மொழி அடையாளம். ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழை ஆங்கிலம் என்றோ மலாய் என்றோ கருவி குறித்துவிட்டால், மேல்முறையீடும் அந்த மொழியை ஆய்வு செய்பவரிடம் போய்ச் சேரும். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் இயந்திர மொழிபெயர்ப்பைத்தான் பார்ப்பார். இயந்திர மொழிபெயர்ப்பும் வெடிகுண்டு என்றே சொல்லும். ஒரே பிழை மனிதர் கையாலும் உறுதிசெய்யப்படுவது இப்படித்தான்.

இதே வடிகட்டி விட்டுவிடும் பதிவுகளையும் குறிப்பிடாமல் இருப்பது நேர்மையாகாது. சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தும் கருத்துரைகளும், பெண்களைக் குறிவைத்து எழுதப்படும் வசைகளும், உயிரெழுத்து ஒன்றை மாற்றியோ எழுத்துகளுக்கு நடுவில் புள்ளி வைத்தோ எழுதப்பட்டால் அப்படியே நிற்கின்றன. புகார் அளித்தாலும் விதிமீறல் இல்லை என்று பதில் வருகிறது. ஆகவே வடிகட்டியைத் தளர்த்துங்கள் என்று நான் கேட்கவில்லை. தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் இரு வகைப் பிழையையும் ஒருங்கே பிடிப்பார் என்பதே என் வாதம்.

இனி, என்னிடம் வருவோருக்கு மேல்முறையீட்டை எப்படி எழுதித் தருகிறேன் என்பதை விவரிக்கிறேன். உங்கள் மேசைக்கு வரும் கடிதங்கள் இவை என்பதால் நீங்களும் அறிந்திருப்பது நல்லது. இம்மடலைப் படிக்கும் பிறருக்கும் பயன்படும்.

முதலில் செய்ய வேண்டியது, அறிவிப்பு வந்தவுடன் அதையும் பதிவையும் திரைப்பிடிப்பாகச் சேமிப்பது. நீக்கப்பட்ட பதிவு பயனருக்குச் சில காலம் தெரியும், பிறகு மறைந்துவிடும். அது போனபின் என்ன எழுதினோம் என்பதை நினைவிலிருந்துதான் சொல்ல வேண்டியிருக்கும். அறிவிப்பில் எந்த விதி சுட்டப்பட்டிருக்கிறது, நீக்கியது கருவியா மனிதரா என்று ஏதேனும் சொல்லப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்கிறேன். சொல்லப்படாவிட்டாலும் ஊகிக்க முடியும். யாரும் பார்த்திருக்க முடியாத வேகத்தில் பதிவு போயிருந்தால், அல்லது அதே செய்தி தமிழ் எழுத்தில் நிற்க ஆங்கில எழுத்தில் மட்டும் போயிருந்தால், அது கருவியின் வேலை என்று கொள்ளலாம்.

அடுத்தது, செய்யக் கூடாதவை. கோபத்தில் அதே பதிவை மறுபடி இடக் கூடாது. முன்பே நீக்கியதோடு ஒத்துப்போகும் பதிவைக் கருவி உடனே பிடிக்கும், இரண்டாவது மீறலாகவும் எண்ணும். சொல்லின் நடுவில் நட்சத்திரக் குறி போட்டு எழுதவும் கூடாது. வசை எழுதுவோர் தப்பிக்கக் கையாளும் முறை அது என்பதால், மிளகாய் விற்பவர் அப்படி எழுதினால் மறைக்க ஏதோ இருக்கிறது என்ற தோற்றம்தான் உண்டாகும். செயலிக்குள் இருக்கும் மறு ஆய்வுப் பொத்தானை, அதனால் பயன் இராது என்று தோன்றினாலும், அழுத்தியே ஆக வேண்டும். அந்தப் படியைக் கடந்ததற்கான சான்று அடுத்த படிகளில் தேவைப்படும்.

அந்தப் படி தோற்ற பிறகு குறைதீர் அலுவலருக்கு எழுதுகிறோம். உங்கள் பெயரும் தொடர்பு முகவரியும் நிறுவனத்தின் தளத்தில் வெளியிடப்பட வேண்டும் என்பது விதி. ஆனால் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடிப்பதற்கே பலருக்கு உதவி தேவைப்படுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். பரமக்குடி வணிகருக்காக நான் எழுதிய கடிதத்தின் நடுப்பகுதி இது:

“நீக்கப்பட்ட வரியில் `kundu` என்று இருப்பது குண்டு மிளகாய். இராமநாதபுரம் மாவட்டத்தில் விளையும் உருண்டை வடிவ வத்தல் வகைக்கு வணிகத்தில் வழங்கும் பெயர் இது. அடுத்த வரியில் வரும் `samba` என்பது நீள மிளகாய் வகை. பதிவோடு இருந்த படத்தில் காய்ந்த சிவப்பு மிளகாய் தெரிகிறது. மூட்டை என்பது வத்தல் விற்கப்படும் அளவு. வெடிபொருள் என்று பொருள் கொண்டால் ‘சம்பா நாளைக்கு வரும்’ என்ற வரிக்கு எந்தப் பொருளும் கிடைக்காது. எனவே நீங்கள் சுட்டிய விதி இப்பதிவுக்குப் பொருந்தாது. பதிவை மீட்டுத் தருவதோடு, கணக்கின் மீது ஏற்றப்பட்ட மீறல் குறிப்பையும் நீக்குமாறு கோருகிறேன்.”

இதற்கு மேலே, பதிவின் வாசகத்தை அவர் எழுதிய எழுத்துக்கூட்டலிலேயே தந்து, அதன் கீழ் தமிழ் எழுத்தில் மீண்டும் எழுதினேன். பதிவின் இணைப்பு, நீக்கிய நாள், நேரம், மறு ஆய்வுக்கு வந்த பதில் ஆகியவற்றையும் சேர்த்தேன். பொருளை மட்டும் சொன்னால் போதாது. மற்றப் பொருள் ஏன் பொருந்தாது என்பதைப் பதிவுக்குள்ளிருந்தே காட்ட வேண்டும். தமிழ் தெரியாத ஆய்வாளரும் சரிபார்க்கக் கூடியது அதுதான். இந்த வழக்கில் சம்பா என்ற சொல்லும் படமும் அந்த வேலையைச் செய்தன. கருத்துச் சுதந்திரம் குறித்து இரண்டு பக்கம் எழுதுவதைவிட இப்படிப்பட்ட ஒரு வரி அதிகம் பயன்படும் என்பது என் கருத்து.

பதிவு மீண்டது. ஆனால் மீறல் குறிப்பு நீங்கவில்லை. அதற்குத் தனியாக ஒரு கடிதம் தேவைப்பட்டது. அதைவிட வியப்பானது, அதே வாசகத்தைத் தம் பக்கத்தில் இட்டிருந்த அவருடைய மைத்துனரின் பதிவு அடுத்த நாளே நீக்கப்பட்டது. ஒருவர் வழக்கில் திருத்திய பிழையை வடிகட்டிக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

உங்கள் பதில் நிறைவளிக்காவிட்டால் அடுத்த படி, 2022 அக்டோபர் திருத்தத்தின் மூலம் ஏற்பட்ட குறைதீர் மேல்முறையீட்டுக் குழு. உங்கள் முடிவு கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் `gac.gov.in` தளத்தில் மனு அளிக்க வேண்டும். நடைமுறை முழுவதும் இணையவழிதான். குழு 30 நாட்களுக்குள் தீர்க்க முயல வேண்டும் என்றும், அதன் ஆணையை நிறுவனம் நிறைவேற்ற வேண்டும் என்றும் விதி சொல்கிறது. இந்தப் படியின் வரம்பையும் நான் மனுதாரர்களிடம் மறைப்பதில்லை. அறுவடை முடிந்தபின் வரும் ஆணையால் அந்தப் பருவத்து விற்பனை திரும்பி வராது. ஆகவே உங்கள் மேசையிலேயே முடிவது எல்லோருக்கும் நல்லது. மெட்டா நிறுவனத்தின் தளங்களைப் பொறுத்தவரை மேற்பார்வை வாரியம் என்ற வேறொரு வழியும் உண்டு. ஆனால் அது தேர்ந்தெடுக்கும் வழக்குகள் மிகச் சில. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வாழும் தமிழர்களுக்கு நிலைமை சற்று மேல். அங்குள்ள எண்ணிம சேவைகள் சட்டத்தின்படி, நீக்குவதற்குத் தானியங்கி முறை பயன்பட்டதா என்பதைப் பயனருக்குத் தெரிவிக்க வேண்டும். முறையீட்டைக் கருவியை மட்டும் கொண்டு முடிவு செய்யவும் கூடாது.

அந்த மேற்பார்வை வாரியத்தின் தொடக்க கால வழக்கு ஒன்று இங்கே பொருந்தும். 2020 இல் பிரேசில் பயனர் ஒருவர் மார்பகப் புற்றுநோயின் அறிகுறிகளை விளக்கி இன்ஸ்டாகிராமில் இட்ட படங்களைக் கருவி நிர்வாணம் என்று நீக்கியது. படத்தின் மேல் போர்த்துகீசிய மொழியில் எழுதியிருந்த விளக்கத்தை அது படிக்கவில்லை. 2021 ஜனவரியில் வாரியம் தீர்ப்பளித்தபோது, தானியங்கி முறையில் நீக்கியதைப் பயனருக்குச் சொல்ல வேண்டும் என்றும், சில வழக்குகளிலாவது மனிதரிடம் முறையிட வழி வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பொருளை உணர்த்தும் எழுத்து பதிவிலேயே இருந்தும் அதைக் கருவி படிக்காமல் போவது தமிழுக்கு மட்டும் நேர்வதல்ல.

உங்களிடம் நான் கேட்பவை பெரிய செலவு வைக்கும் காரியங்கள் அல்ல. மறு ஆய்வுத் திரையில் பயனர் தம் பொருளை எழுத ஒரு பெட்டி கொடுங்கள். சில வரி எழுத இடமிருந்தால் போதும். எந்தச் சொல்லால் அல்லது எந்த வரியால் பதிவு பிடிபட்டது என்பதைச் சுட்டிக் காட்டுங்கள். சொல்லைச் சுட்டினால் ஏமாற்றுவோர் தப்பிக்கக் கற்றுக்கொள்வார்கள் என்று நீங்கள் அஞ்சலாம். அவர்கள் ஏற்கெனவே கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்பதற்கு மேலே சொன்ன சாதி வசைகளே சாட்சி. இருட்டில் நிற்பவர் மிளகாய் விற்பவர்தான். பதிவின் மொழியைப் பயனரே தேர்ந்து குறிக்கவும், ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழுக்கென்று அதில் தனி இடமிருக்கவும் செய்யுங்கள். அந்த மனுக்கள் தமிழ் படிக்கத் தெரிந்தவரிடம் போய்ச் சேர அது ஒன்றே போதும். ஒரு மேல்முறையீடு வென்றால், அதே வாசகத்துக்காக நீக்கப்பட்ட மற்றப் பதிவுகளும் மீள வேண்டும், மீறல் குறிப்பும் தானாகவே நீங்க வேண்டும்.

2021 விதிகளின் நான்காம் விதியே, தானாக நீக்கும் கருவிகள் மனித மேற்பார்வையில் இருக்க வேண்டும் என்றும், அவற்றின் துல்லியமும் சார்பும் அவ்வப்போது மதிப்பிடப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. நிறுவனம் தானே முன்வந்து பதிவை நீக்கும்போது காரணத்தைத் தெரிவித்து, மறுத்துரைக்கப் போதிய வாய்ப்பளிக்க வேண்டும் என்பதும் அவ்விதியிலேயே இருக்கிறது. பொத்தான் ஒன்றை மட்டும் வைத்துவிட்டு அதைப் போதிய வாய்ப்பு என்று கொள்ள முடியுமா என்ற கேள்விக்கு உங்கள் எழுத்துபூர்வமான விடையை எதிர்பார்க்கிறேன். மாதந்தோறும் நீங்கள் வெளியிடும் இணக்க அறிக்கையில், தமிழில் எத்தனை பதிவுகள் தானாக நீக்கப்பட்டன, எத்தனை முறையீட்டில் மீண்டன என்ற இரண்டு எண்களையும் சேர்க்கக் கோருகிறேன். மொழிவாரியாகத் தர வேண்டும் என்று விதி கட்டாயப்படுத்தவில்லை. தரக் கூடாது என்றும் சொல்லவில்லை.

வணிகரின் ஒப்புதலோடு, நீக்க அறிவிப்பு, மறு ஆய்வுப் பதில், எங்கள் கடிதம், மைத்துனரின் பதிவு ஆகியவற்றின் நகல்கள் என்னிடம் உள்ளன. உங்கள் அலுவலகம் கேட்டால் அனுப்பி வைக்கிறேன். அடுத்த மிளகாய் வரத்து தொடங்குவதற்கு முன் குண்டு, சம்பா ஆகிய இரண்டு சொற்களையாவது உங்கள் கருவிக்குக் கற்பித்துவிட்டதாகத் தெரிவித்தால், சந்தையில் உள்ள மற்ற வணிகர்களுக்கு நான் முன்கூட்டியே மனு எழுதி வைக்கத் தேவையிருக்காது.

இப்படிக்கு,
மனு எழுதுபவர்,
இராமநாதபுரம் மாவட்டம்